மூன்றாம் வழியில் பாதி

போக்குவரத்துத் துறையின் கொள்கைப் பிரிவில் அவளைச் 'சுருக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு தடித்த அறிக்கையைக் கொடுத்தாலும், செயலாளரின் காப்பி ஆறுவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி இரண்டு பக்கத்தில் மடக்கிவிடுவாள். நாற்பத்தைந்து தாண்டியபின் அந்தப் பெயருக்கு முகத்திலும் சாட்சி இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வாரம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வயதான மனிதர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேர் அங்கேயே செத்துப்போனார்கள். மறுநாளே அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, எழுபது வயதைத் தாண்டிய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் கட்டாயப் பரிசோதனை வரும் என்று சொல்லிவிட்டார். சொன்னது சரிதானா என்று பார்க்கும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. அது அமைச்சரிடமிருந்து செயலாளருக்கும், செயலாளரிடமிருந்து இணைச் செயலாளருக்கும் இறங்கி, கடைசியில் வழக்கம்போல் அவள் மேசையில் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டே பக்கம்," என்றாள் இணைச் செயலாளர். கறாரான பெண்மணி, ஆனால் தன் ஆட்களை விட்டுக்கொடுக்க மாட்டாள். "என்னென்ன வழி இருக்கு, எதுக்கு என்ன ஆதாரம், நாம எதைச் சொல்றோம். மந்திரி சொன்னதை முதல் வழியாப் போடு."

"அது சரிப்பட்டு வராதுன்னா, மேடம்?"

"சரிப்பட்டு வராதுன்னு எழுது. ஆனா முதல்ல போடு. அவர் தேடுறப்போ கண்ணுல படணும்."

சரி என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்தவளுக்கு, கணினியைத் திறக்கக் கை வரவில்லை. அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார், அந்தக் குறிப்பில் வருகிற மாதிரி.

அவளுடைய அப்பா வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்கு மேல்தான். அதில் அவருக்குப் பெருமையும் கிடையாது, ஆசையும் கிடையாது. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அவர் வேலையாயிற்று. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வங்கிக்குக் கிளம்புகிற அதே மிடுக்கோடு காரைத் துடைப்பார். அந்த மூன்று நாளும்தான் அவர் ஆளாக இருந்தார். மற்ற நாட்களில் செய்தித்தாளையே இரண்டு முறை படிப்பார்.

ஒரு முறை அவளும் பின்சீட்டில் போயிருந்தாள். அம்மா முன்னால் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக, "இடது பக்கம் சைக்கிள்... ஆட்டோ ஒண்ணு ஒட்டி வருது... இப்போ திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தின் நச்சரிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். அரை வழி போனபின்தான் உறைத்தது. அப்பாவுக்கு இடது பக்கம் தெரியவில்லை. அம்மா அவருக்குக் கண்ணாக இருந்தாள்.

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரே பிள்ளை, பேசினால் வண்டி யார் கையில் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும்.

புள்ளிவிவரப் பிரிவில் இருந்த இளைஞனை எல்லோரும் 'புள்ளி' என்பார்கள். அவன் ஆய்வுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் பரப்பினான்.

"மந்திரியோட வழிக்கு ஆதாரம் நொண்டியடிக்குது, மேடம். வயசை வச்சு எல்லாருக்கும் பரிசோதனை வச்ச இடத்தையும் வைக்காத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. பெரியவங்களோட விபத்துல பெருசா வித்தியாசம் இல்ல."

"ஏன்?"

"நிறையப் பேர் பரிசோதனைக்குப் பயந்துக்கிட்டே லைசென்ஸை விட்டுடுறாங்க. நல்லா ஓட்டுறவங்களும் சேர்த்துத்தான். அப்புறம் நடக்குறாங்க, சைக்கிள்ல போறாங்க. ஒரு நாட்டுல இப்படி ரோட்டுல நடந்து செத்த பெரியவங்க கூடிட்டாங்க. கார்ல மிச்சம் பிடிச்சதை நடைபாதையில விட்டாச்சு."

"கண் பரிசோதனை மட்டும்?"

"ரொம்ப வயசானவங்களுக்குக் கொஞ்சம் பலன் தெரியுது. ஆனா சுவர்ல எழுத்தைப் படிக்கிற பரிசோதனையில ஓரப்பார்வை போனது மாட்டாது. கண் அழுத்த நோய் இருந்தா நேரா இருக்கிற எழுத்து பளிச்சுன்னு தெரியும். பக்கத்துல வர்ற லாரி தெரியாது."

அவள் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். முந்தைய வருடம் அப்பா கண் மருத்துவமனையில் கடைசி வரிவரை படித்துக் காட்டிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்திருந்தார்.

குறிப்பு மூன்று வழிகளோடு உருவாயிற்று. முதல் வழி, எழுபதுக்கு மேல் எல்லோருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை: செலவு அதிகம், பலன் சந்தேகம். இரண்டாவது, இப்போதிருக்கிறபடியே விடுவது: செலவு இல்லை, பேருந்து நிறுத்தத்தில் நடந்ததற்குப் பதிலும் இல்லை. மூன்றாவதைத்தான் அவள் பரிந்துரைத்தாள். வயதைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது. ஒருவர் பாதுகாப்பாக ஓட்டவில்லை என்று தோன்றினால் மருத்துவரோ, காவலரோ, குடும்பத்தாரோ உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். தெரிவித்தவர் பெயர் வெளியே வராது. அவரை மருத்துவப் பரிசோதனைக்கும், சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வுக்கும் கூப்பிடுவார்கள். தேறினால் ஓட்டலாம், அரைகுறையாகத் தேறினால் பகலில் மட்டும், வீட்டைச் சுற்றி மட்டும் என்று நிபந்தனை போடலாம், தேறாவிட்டால் உரிமம் போகும். அப்படிப் போனவர்களுக்கு, மருத்துவமனைக்கும் கடைக்கும் போய்வர அரசு வண்டி. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது மட்டும் அவள் விரல்கள் வேகமாக ஓடின.

இணைச் செயலாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மூணாவது வழி நல்லா இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தை ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கே. தெரிவிக்கிறதுக்கு விதியைத் திருத்தினாப் போதும். வண்டி விடுறதுக்கு நிதித்துறை ஒத்துக்கணும். அ, ஆன்னு பிரிச்சுடு."

"பிரிச்சா அ-வை மட்டும் எடுத்துப்பாங்க, மேடம். ரெண்டும் சேர்ந்தாத்தான் இது நிக்கும்."

"அதையும் ஒரு வரி எழுது. பிரிக்கலேன்னா நிதித்துறையில மொத்தமும் மாட்டிக்கும். ஒரு வருஷம் அசையாது. அதுக்குள்ள மந்திரி முதல் வழிக்கே போயிடுவார்."

இணைச் செயலாளர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். 'அ, ஆ இரண்டும் சேர்ந்தே நடைமுறைக்கு வரவேண்டும்' என்று ஒரு வரி சேர்த்து, பிரித்தாள்.

செயலாளர் அறையில் குளிர் எப்போதும் எலும்புவரை போகும். அவர் குறிப்பை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டாம் முறை படித்தார்.

"குடும்பத்துல இருக்கிறவங்க சொல்லுவாங்களா? இதுதான் எனக்கு இடிக்குது. பெத்த அப்பாவைப் போய் யார் காட்டிக் கொடுப்பா?"

"குறைவாத்தான் சொல்றாங்க, சார். இந்த முறை இருக்கிற இடங்கள்லயும் பாதிக்கு மேல போலீஸும் உரிம அலுவலகமும்தான். ஆனா குடும்பம் சொல்றப்போ அது பெரும்பாலும் சரியா இருக்கும்."

"அது காகிதம். நீங்க சொல்லுங்க. உங்க அப்பான்னா நீங்க தெரிவிப்பீங்களா?"

இணைச் செயலாளர் அவளைப் பார்த்தாள். புள்ளி தன் காகிதங்களைப் பார்த்தான். இந்த விஷயத்தில் என் வீடும் இருக்கிறது, சார் என்று சொல்ல அதுதான் இடம். வாயைத் திறந்தாள்.

"தெரிவிப்பேன், சார்."

"அப்ப சரி," என்றார் அவர். ஓரத்தில் எழுதினார்: 'வழி 3(அ) ஏற்கப்படுகிறது. முதலில் இந்த நகரத்தில் மட்டும் சோதனையாக. 3(ஆ) நிதித்துறையைக் கலந்தபின்.' அவள் சேர்த்த அந்த ஒரு வரி அவர் கையெழுத்துக்குக் கீழே அனாதையாகக் கிடந்தது.

விதி திருத்தப்பட்டு அறிவிப்பு வெளியானபோது, அதைச் செய்தித்தாளில் முதலில் படித்தவர் அப்பாதான்.

"நல்ல காரியம்மா," என்றார். "கண்ணு தெரியாதவனெல்லாம் வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுறான். உன் ஆபீஸ்தானே?"

"ஆமாப்பா."

அம்மா சமையலறைக்கு அவளை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள்.

"எழுதினது நீதானே?"

"நான்தான்."

"அப்பாவை நினைச்சு எழுதினியா?"

"இல்லம்மா. ஆதாரத்தைப் பார்த்து எழுதினேன்."

"சரி. இப்போ அப்பாவை நினைச்சுக்கோ." அம்மா குழாயைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் கையிலேர்ந்து வண்டியைப் பிடுங்கினா என்னை யார் கொண்டுபோவா? நீ லீவு போடுவியா? வாடகை வண்டிக்காரன் என்னை ரெண்டு படி ஏத்தி, நாற்காலியில உட்கார வைப்பானா? எல்லாத்தையும் விடு. அந்த மனுஷன் வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணுவார்?"

"யார் மேலயாவது மோதிட்டா, அம்மா?"

"நான் பக்கத்துல இருக்கேன்ல."

அம்மா குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

அவள் வேறு வழி தேடாமல் இல்லை. டயாலிசிஸ் மையத்தில் வண்டி கேட்டாள். நோயாளிகளே வந்துபோக வேண்டும் என்றார்கள். இணைச் செயலாளரிடம் வாரத்தில் மூன்று அரைநாள் கேட்டாள். "சோதனைத் திட்டம் உன் தலையிலதான் இருக்கு. இப்போ போய் லீவு கேட்கிறியே!" என்று அவள் கை விரித்தாள். 3(ஆ) எங்கே இருக்கிறது என்று நிதித்துறைக்கு ஃபோன் செய்தாள். கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். கூடுதல் விவரம் கொடுத்தாள். மறுபடியும் கேட்டார்கள்.

ஒரு நாள் பிற்பகல், அலுவலகக் கூட்டம் சீக்கிரம் முடிந்ததால் அவளே மையத்துக்குப் போய் அம்மா அப்பாவோடு வீடு திரும்பினாள். போகும்போது வாய் ஓயாத அம்மா, திரும்பும்போது துணியாகத் துவண்டு கிடந்தாள். இரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்தபின் எப்போதும் அப்படித்தான் என்று அப்பா சொன்னார். அம்மாவின் தலை ஜன்னலில் சாய்ந்தது, தூங்கிவிட்டாள்.

பின்சீட்டில் இருந்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முறையும் பாதி வழி அப்பா கண்ணில்லாமல்தான் ஓட்டியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும் கோடுகளில் ஒரு பெண், வயிற்றில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு, இடது பக்கத்திலிருந்து இறங்கினாள். கார் வேகம் குறையவில்லை.

"அப்பா!"

பிரேக் அலறியது. அம்மா முன்னால் குலுங்கி விழித்தாள். காரின் மூக்கு அந்தப் பெண்ணின் பையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் நகரவில்லை. கண்ணாடி வழியாக அப்பாவை வெறித்துப் பார்த்தாள். குழந்தையின் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு நடந்து போய்விட்டாள்.

"பார்த்தேன், பார்த்தேன்," என்றார் அப்பா. "ஏன் இப்படிக் கத்துறே? நான் பார்த்தேன்."

அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து இடது பக்கம் பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனவுடன், தானே வடிவமைத்த இணையப் பக்கத்தைத் திறந்து அப்பாவின் பெயரை எழுதினாள். 'ஓட்டுநருடன் உங்கள் உறவு' என்ற கேள்வியைச் சேர்த்ததே அவள்தான். 'மகள்' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்க்கவில்லை.

தெரிவித்தவர் பெயர் வெளியே வராது என்று எழுதியபோது, வீட்டில் மூன்றே பேர் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. அழைப்புக் கடிதம் வந்தது. அப்பா அதை நின்றபடியே படித்தார். கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. நேரே இருப்பது அவருக்கு அவ்வளவு தெளிவு.

"யார் சொன்னது?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் கீழே விழுந்த கடித உறையை எடுத்து மடித்தாள்.

"நான்தான்," என்றாள் அம்மா, கட்டிலில் படுத்தபடி. "எனக்குப் பயமா இருக்கு. அதான் சொன்னேன்."

அப்பா கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அம்மாவிடம் பேசவில்லை. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். நடுவில் மகள், சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்.

தேர்வுக்கு அப்பா பளபளவென்று துடைத்த காரில் போனார், அவளும் கூடப் போனாள். கண் மருத்துவர் எழுத்துப் பலகையோடு விடாமல், ஒரு கருவிக்குள் தலையை வைக்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். இடது பக்கம் வந்த புள்ளிகளுக்கு அப்பாவின் விரல் அசையவே இல்லை. இரண்டு கண்ணிலும் அழுத்த நோய். ஓரப்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. சாலைத் தேர்வு வரைக்கும் போகவேண்டி வரவில்லை. நிபந்தனை உரிமத்துக்கும் இடமில்லை.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் அப்பா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மாவுக்கு ஃபோன்ல ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாது," என்றார். "அவளா ஆன்லைன்ல மனு போட்டா?"

"அப்பா..."

"அவகிட்ட கேட்காதே. அந்தப் பொய்யைச் சொன்னதுக்கே அவளுக்கு மூச்சு வாங்கிடுச்சு." கதவைத் திறந்தார். "சாவியை நீயே வச்சுக்கோ."

அன்றிலிருந்து அவர் காரைத் துடைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டைகள் கொடியிலேயே தொங்கின. மாலையில் தெருமுனைவரைகூட நடக்கமாட்டேன் என்றார். கண் தெரியாதவன் எதற்கு ரோட்டில் நடக்கவேண்டும் என்று கேட்டார். அம்மா என்ன பேசினாலும் "ம்" என்பார். அந்த "ம்"-க்குள் முழு மனிதரும் சுருண்டு படுத்துக்கொண்டார்.

அம்மாவைக் கூட்டிப்போகும் வேலை அவள் தலையில் விழுந்தது. வாரத்தில் மூன்று நாள் மதியத்தோடு கிளம்பினாள். சம்பளமில்லாத அரைநாள் விடுப்பு. இணைச் செயலாளர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். டயாலிசிஸ் மையத்துக் காத்திருப்பு அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நிதித்துறையின் கேள்விகளுக்குப் பதில் எழுதினாள். எதிர் நாற்காலிகளில் அவளைப் போலவே மகள்களும் மருமகள்களும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

சில மாதங்கள் கழித்துச் செயலாளர் மறுஆய்வுக் குறிப்பு கேட்டார். சோதனைத் திட்டத்தை எல்லா ஊருக்கும் விரிப்பதா, 3(ஆ)-வை என்ன செய்வது என்று இரண்டு கேள்விகள். அவள் முழு மூச்சோடு எழுதினாள். உரிமம் இழந்தவர்களின் வீட்டுக்குப் புள்ளி ஃபோன் செய்து கேட்ட பதில்களையும் சேர்த்தாள். எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகாமல் விட்டார்கள் என்று கேட்டிருந்தான். ஏறக்குறைய யாருமே விடவில்லை.

அதே குளிர். அதே மூன்று பேர்.

"நல்லாப் போயிருக்கு," என்றார் செயலாளர். "குடும்பம் சொல்லாதுன்னு நினைச்சேன். ஏழு பேர் சொல்லியிருக்காங்க. ஏழுமே சரியா இருந்திருக்கு. விரிச்சுடலாம்." பக்கத்தைப் புரட்டினார். "3(ஆ)தான் தேவையான்னு தோணுது. வண்டி இல்லாம யாரும் சிகிச்சையை விடலையே. எப்படிப் போறாங்க?"

புள்ளி தொண்டையைச் செருமினான். "வீட்டுல இருக்கிறவங்க கூட்டிப்போறாங்க, சார்."

"அதான். குடும்பங்கள் பார்த்துக்குது. பார்த்துக்கிற இடத்துல அரசு ஏன் போய்ச் செலவு பண்ணணும்? தேவை இல்லேன்னு உங்க ஆதாரமே சொல்லுதே."

அவள் அந்த அட்டவணையைப் பார்த்தாள். 'சிகிச்சை தவறவில்லை' என்ற கட்டத்தில் இருந்த எண்களில் ஒன்று அவள். அவளுடைய அரைநாள்கள், அந்தக் காத்திருப்பு அறையின் நாற்காலிகள், கொடியில் தொங்கிய சட்டைகள், எதற்கும் அதில் கட்டம் இல்லை. அந்தக் கட்டங்களைப் போட்டதும் அவள்தான்.

"சார், அந்த ஏழுல ஒண்ணு நான்," என்றாள்.

"என்ன?"

"எங்க அப்பாவை நான்தான் தெரிவிச்சேன். அம்மாவை இப்போ நான்தான் கூட்டிப்போறேன். குடும்பம் பார்த்துக்குதுன்னு நீங்க சொல்ற குடும்பம் நான்தான், சார். பார்த்துக்கலே. வேற வழியில்லாம மாட்டிக்கிட்டு இருக்கோம். கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டோம். போனாங்களான்னு கேட்டோம், போறதுக்கு யார் எதை விட்டுக்கொடுத்தாங்கன்னு கேட்கலே."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது, நிஜமான இரக்கம்தான்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், இல்லையா? முதல் குறிப்பு எழுதுறப்பவே."

"ஆமா, சார்."

"சொந்த விஷயம் கலந்திருக்கிறப்போ நீங்க இந்தக் கோப்புல இருக்க முடியாது. உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். நாளைக்கு யாராவது கேட்டா, மொத்தப் பரிந்துரையும் ஆட்டம் கண்டுடும்." இணைச் செயலாளரைப் பார்த்தார். "வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. இப்போ சொன்னதைக் குறிப்புல சேர்க்க வேண்டாம். அது தனிப்பட்ட அனுபவம். ஆதாரம் ஆகாது."

வெளியே வந்ததும் இணைச் செயலாளர் நடைபாதையில் நின்று அவள் தோளில் கை வைத்தாள். "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அரைநாள் லீவு கேட்டேனே, மேடம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

புள்ளி லிஃப்ட்வரைக்கும் பின்னாலேயே வந்தான். கேள்வியை மாற்றி மறுபடி எல்லா வீட்டுக்கும் ஃபோன் செய்கிறேன் என்றான். "யார் உன்னைச் செய்யச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். செய்யத்தான் போகிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினான். லிஃப்ட் கதவு மூடியது.

அன்று கூட்டங்கள் இருந்ததால் அரைநாள் எடுக்காமல், அம்மாவை மையத்தில் விட்டுவிட்டு அலுவலகம் திரும்பியிருந்தாள். மறுபடி மையத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டிருந்தாள் நர்ஸ். அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும். மகள் அம்மாவைத் தூக்கிக் காரில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினாள்.

"ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

"கோப்பை வேற ஆளுக்கு மாத்திட்டாங்க."

"எது? வண்டி விடுறதா?"

"ஆமா."

அம்மாவின் தலை ஜன்னலில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து இவள் வண்டியைக் கிளப்பினாள்.

"அந்த ஆளுக்கு அப்பா அம்மா உண்டா?"

"தெரியலேம்மா."

"விசாரி," என்றாள் அம்மா.

முன்னால் சாலை நெடுக வண்டிகள் அடைத்து நின்றன. ஒரு மணி நேரத்தில் அலுவலகத்தில் வேறொரு கூட்டம் இருந்தது. வீட்டில் அப்பா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். போக இடமில்லை என்று கையைக் காட்டினாள். அவன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.